பதறிய மனமும் பதறாத கையும்

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை. அடுப்பில் இரும்பு வாணலி, அதில் முறுக்குக்காக ஊற்றிய கடலெண்ணெய். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனவள் பேச்சில் நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெயின் மேல் ஒரு சிறு நாக்கு ஓடியது. மறுகணம் அது முழங்கை உயரத் தீயாக எழுந்து நின்றது.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறவள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஊற்றியதும் அடியில் இறங்கும். அங்கிருக்கும் சூட்டில் நொடிக்குள் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். விரிகிற ஆவி, எரியும் எண்ணெயைக் கூரைவரை அள்ளி வீசும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் அந்த மாலையில் என் கை நேரே குடத்துக்குத்தான் போனது. சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு அடுப்பை நோக்கித் திரும்பிவிட்டேன். அங்கே கால் நகரவில்லை. சொம்போடு அப்படியே நின்றேன்.

பின்கட்டிலிருந்து அம்மா வந்தாள். "தண்ணிய கீழ வைடி" என்றாள். குரல் உயரவில்லை. இடக்கை அடுப்பின் திருகை மூடியது. வலக்கை சுவரோரம் சாய்த்திருந்த பெரிய தட்டை எடுத்தது. தட்டைத் தன் பக்கமிருந்து கேடயம் மாதிரி நீட்டி, வாணலியின் விளிம்பில் வைத்துத் தள்ளி மூடினாள். தீ அடங்கியது. "தெறக்காத. நல்லா ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறந்துவிட்டாள். எல்லாம் சேர்த்துப் பத்து நொடி இருக்கும்.

அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தடுத்தால் தீ அணையும் என்று அவள் ஏட்டில் படித்ததில்லை. படித்த என் அறிவு அந்தப் பத்து நொடி எங்கே போயிருந்தது? அரைமணி நேரம் கழித்து யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி பிசகாமல் சொல்லியிருப்பேன். ஆகவே அது அழிந்துபோகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று தேடிப் போனபோது, மூளைக்குள் நடக்கும் ஓர் ஏற்பாட்டைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு, என் தடுமாற்றத்தைக்கூட வணக்கத்தோடுதான் நினைக்கத் தோன்றுகிறது.

முதலில் விழிப்பது எது?

நம் தலைக்குள், காதுகளுக்கு நேர் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு சிறு நரம்புக் கொத்துகள் இருக்கின்றன. வடிவிலும் அளவிலும் வாதுமைப் பருப்பைப் போல இருப்பதால், வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அவற்றுக்குப் பெயராக வைத்தார்கள்: அமிக்டலா. ஆபத்தின் வாசனை பட்டதும் முதலில் துள்ளி எழும் கூட்டத்தில் முக்கியமானது இதுதான்.

அது எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதை 1980-களில் ஜோசப் லெடூ என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளிடம் கண்டார். ஒரு ஒலியைக் கேட்கச் செய்து, அது முடியும்போது எலியின் காலில் இலேசான மின்னதிர்ச்சி கொடுப்பார். சில முறைக்குப் பிறகு ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஒலியைப் பகுத்தறிவது மூளையின் மேற்பரப்பான புறணி. அந்தப் பகுதி இல்லாவிட்டால் எலி பயப்படக் கற்றுக்கொள்ளாது என்றுதான் யாரும் நினைப்போம். அவர் அந்தப் பகுதியை நீக்கிப் பார்த்தார். எலி அப்போதும் பயப்படக் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்கும் கீழே, புலன்களின் செய்திகளை வாங்கிப் பிரித்தனுப்பும் தலாமஸ் என்ற பகுதியைச் சேதப்படுத்தியபோது பயம் உருவாகவில்லை.

இதிலிருந்து தெரிந்தது இது: தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புறணிக்குப் போய் 'இது இன்ன ஒலி' என்று தெளிந்த பிறகு இறங்கி வரும் சுற்றுவழி. இன்னொன்று, யாரையும் கேட்காமல் நேரே போகும் குறுக்குவழி. எலியின் மூளையில் ஒலி இந்தக் குறுக்குவழியில் அமிக்டலாவை எட்ட ஏறத்தாழ 12 மில்லிநொடி போதும். சுற்றுவழிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். மனிதனின் பார்வைக்கும் இதே குறுக்குவழி எந்த அளவு பயன்படுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஆனால் நாம் தெளிவாக யோசித்து முடிப்பதற்கு முன்பே உடம்பு அசைந்துவிடுகிறது என்பதை, இருட்டில் கயிற்றை மிதித்த எவரும் அறிவர்.

நம் தத்துவத்தில் 'கயிற்றரவு' என்றொரு சொல் உண்டு. கயிற்றைப் பாம்பென்று காணும் மயக்கத்துக்கு அது பெயர். ஞானிகள் அதை அறியாமைக்கு உவமையாகச் சொன்னார்கள். உயிரியல் அதே காட்சியை வேறொரு பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறது. ஆயிரம் முறை கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளினாலும் நட்டம், கொஞ்சம் படபடப்பு மட்டுமே. ஒரே ஒரு முறை பாம்பைக் கயிறென்று எண்ணி நின்றால் உயிர் போகும். இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கும் காவலாளிதான் அமிக்டலா. துல்லியமாகப் பார்ப்பது அதற்கு இரண்டாம்பட்சம். முந்திப் பார்ப்பதுதான் அதன் வேலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அப்படிக் காணும்படி செய்துதான் எத்தனையோ தலைமுறைகளை இந்தப் பருப்பு காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறது.

என் சமையலறையிலும் தீ எழுந்ததும் நடந்தது இதுவே. அமிக்டலா எழுப்பிய கூக்குரல் பல திசைகளுக்குப் போனது. ஹைப்போதலாமஸ் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குப் போய், இதயத்தை விரட்டியது. மூளைத்தண்டுக்குப் போய்க் கால்களை நிறுத்தியது. இன்னொரு கிளை, ஒரு சின்னஞ்சிறு நீலப் புள்ளிக்குப் போனது. அந்தப் புள்ளிக்கு வருமுன், யோசிக்கும் பகுதியைப் பார்த்துவிட வேண்டும்.

கைகோத்து நிற்கும் நினைவு

நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்நெற்றிப் புறணி. திட்டமிடுவது, பொறுப்பது, ஆசையை அடக்குவது, 'இப்படிச் செய்தால் அப்படி ஆகும்' என்று கணிப்பது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. இவை அனைத்துக்கும் அடியில் ஒரே ஒரு திறமை இருக்கிறது: கண்முன் இல்லாத ஒன்றை மனத்தில் பிடித்து வைத்திருப்பது.

1970-களின் தொடக்கத்தில் குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் ஆய்வாளர்கள் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்கள். இரண்டு குழிகளில் ஒன்றில் தின்பண்டத்தை வைத்து, குரங்கு பார்த்ததும் திரையை இறக்கிவிடுவார்கள். சில நொடிகள் கழித்துத் திரையைத் தூக்கினால், எந்தக் குழி என்று நினைவில் வைத்திருந்த குரங்கு சரியான பக்கம் கை நீட்டும். திரை மூடியிருந்த அந்த இடைவேளையில், பார்க்க எதுவும் இல்லாத நேரத்தில், முன்நெற்றிப் புறணியின் சில நரம்பணுக்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று அடுத்ததைத் தூண்ட, அது திரும்ப முதலாவதைத் தூண்ட, கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைகளைப்போல ஒன்றையொன்று விழித்திருக்கச் செய்தன. அந்தக் கைகோப்பு நீடிக்கும்வரை நினைவு நீடிக்கும். கை விட்டால் நினைவும் விட்டுப்போகும்.

இப்போது என் வாணலியை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கண்முன் இருந்தது தீ. தீ என்றதும் தண்ணீர் என்பது குழந்தைப் பருவத்திலிருந்து ஊறிய இணைப்பு. அதற்கு யோசனை தேவையில்லை. 'இது எண்ணெய்த் தீ, தண்ணீர் ஆகாது, மூட வேண்டும்' என்ற அறிவோ கண்முன் இல்லை. அதைத் தேடி எடுத்து, சில நொடி பிடித்து வைத்து, குடத்துக்குப் போகும் கையை 'வேண்டாம்' என்று தடுக்க வேண்டும். அந்த மூன்று வேலைகளும் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கைகோப்பை நம்பியிருக்கின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் அது அவிழ்ந்தது.

நீலப் புள்ளி

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற இடம் இருக்கிறது. பொருள், 'நீல இடம்'. அறுத்துப் பார்த்தால் அதன் அணுக்களில் சேர்ந்திருக்கும் நிறமியால் இலேசான நீலம் தெரியும். மூளையில் கோடிகோடியாக நரம்பணுக்கள் இருக்க, இங்கே இருப்பவை சில பத்தாயிரங்கள் மட்டுமே. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் ஏறத்தாழ எல்லா மூலைகளுக்கும் ஓடுகின்றன. மடைத் தண்ணீர் வயலெல்லாம் பரவுவதுபோல, நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை இந்தச் சிறு புள்ளி மூளை முழுக்கப் பாய்ச்சுகிறது.

இதில் வியப்பு எதுவென்றால், ஒரே தண்ணீர் அளவுக்கு ஏற்ப இரண்டு எதிர்வேலைகளைச் செய்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து விளக்கியது இது. முன்நெற்றிப் புறணியின் நரம்பணுக்களில் நோர்அட்ரினலினை ஏற்கும் வெவ்வேறு வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஆல்ஃபா-2ஏ என்ற வகை மிகக் கூர்மையானது. கொஞ்சம் நோர்அட்ரினலின் வந்தாலே பற்றிக்கொள்ளும். அது பற்றியதும் அணுக்கள் சேருமிடத்தில் உள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. வாயில் மூடினால் சமிக்ஞை கசியாது, கைகோப்பு இறுகும். விழிப்போடும் ஆர்வத்தோடும் இருக்கும்போது சிந்தனை தெளிவாக ஓடுவதன் காரணங்களில் இது ஒன்று.

ஆல்ஃபா-1 என்ற இன்னொரு வகை சற்று மந்தமானது. நோர்அட்ரினலின் வெள்ளமாக வந்தால்தான் அது விழிக்கும். விழித்தால் எதிர்வேலை நடக்கும். உள்ளே அடுத்தடுத்து நடக்கும் வேதிமாற்றங்களால் அதே வாயில்கள் திறந்துகொள்கின்றன. சமிக்ஞை கசிந்துபோகிறது. அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும் குரல் அடுத்த அணுவுக்கு எட்டாமல் தேய்கிறது. டோபமைன் என்ற மற்றொரு வேதிப்பொருளும் அளவு மீறும்போது இதே வழியில் சேர்ந்துகொள்கிறது. எந்த அணுவும் சாவதில்லை, எந்த இழையும் அறுவதில்லை. கோத்த கைகள் சற்று நேரம் நழுவி நிற்கின்றன. அவ்வளவே. 1998-இல் ஆர்ன்ஸ்டனும் பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச்சும் வெளியிட்ட ஆய்வில், உரத்த இரைச்சலில் வைக்கப்பட்ட குரங்குகள் முன்நெற்றிப் புறணியை நம்பியிருக்கும் அந்த நினைவுச் சோதனையில் தடுமாறின.

ஆகவே பயம் கூடக்கூட அறிவு ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதில்லை. தூங்கிவழியும்போது சிந்தனை மந்தம். கொஞ்சம் பதற்றம் வந்தால் கூர்மை. ஒரு வரம்பைத் தாண்டினால் சரிவு. தேர்வுக் கூடத்தில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இலேசாகக் கை நடுங்கும் பிள்ளை நன்றாக எழுதுகிறது. வினாத்தாளின் முதல் கேள்வியே தெரியாமல் போய் வெளிறிப்போன பிள்ளை, தெரிந்த கேள்விக்கும் விடையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பதறியவரிடம் 'யோசித்துப் பார்' என்று அதட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பதும் இங்கே விளங்குகிறது. அந்தக் கட்டளை போய்ச் சேர வேண்டிய இடமே கைவிட்டு நிற்கிறது. அதட்டல் மேலும் ஒரு மிரட்டலாக அமிக்டலாவைத் தட்டி, நீலப் புள்ளியை இன்னும் திறந்துவிடுகிறது. போதாததற்கு, யோசனைக்கும் பயத்துக்கும் நடுவே நேரடிப் பாதையும் குறைவு. மனக்கணக்குப் போடும் முன்நெற்றிப் புறணியின் மேற்பக்கப் பகுதிக்கு அமிக்டலாவோடு நேர்த்தொடர்பு மிகச் சொற்பம். அது புறணியின் அடிப்பக்க, நடுப்பக்கப் பகுதிகள் வழியாகத்தான் சேதி அனுப்ப வேண்டும். அமிக்டலாவின் குரலோ தடையில்லாமல் மேலே போகிறது.

ஆட்சி யார் கைக்குப் போகிறது?

யோசனை ஒதுங்கியபின் வெறுமை வருவதில்லை. வேறு பகுதிகள் பொறுப்பேற்கின்றன. அது எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதை 2007-இல் டீன் மாப்ஸும் சக ஆய்வாளர்களும் இலண்டனில் படம்பிடித்தார்கள். மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்கள் திரையில் ஒரு புதிர்ப்பாதை விளையாட்டை ஆட வேண்டும். துரத்திவரும் உருவம் பிடித்துவிட்டால் கையில் உண்மையான மின்னதிர்ச்சி கிடைக்கும். துரத்துவது தொலைவில் இருந்தபோது முன்நெற்றிப் புறணியின் அடிப்பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அது நெருங்க நெருங்கச் செயல்பாடு பின்னோக்கி நகர்ந்து, நடுமூளையில் இருக்கும் சாம்பல் நிறப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. உறைவதும் ஓடுவதும் எதிர்த்துப் பாய்வதும் அங்கிருந்துதான் ஏவப்படுகின்றன.

தொலைவில் இருக்கும் ஆபத்துக்கு யோசனை, கைக்கெட்டும் ஆபத்துக்கு உடம்பு. இதைவிடப் பொருத்தமாக வேலையைப் பிரித்துக்கொடுக்க யாரால் முடியும்? புலி பாயும்போது எந்தப் பக்கம் ஓடலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மான் பிழைப்பதில்லை. நிதானமாகப் பார்க்கும் அறிவுக்கு வாழ்நாள் முழுக்க அரியணையைக் கொடுத்துவிட்டு, உயிர் போகும் அந்தச் சில நொடிக்கு மட்டும் இறங்கி நிற்கச் சொல்கிறது படைப்பு. என் காலை அடுப்புக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தியதும் அதே ஏற்பாடுதான். அந்தப் பழைய உறைவு வராமல் இரண்டடி முன்னால் போயிருந்தால் சொம்புத் தண்ணீர் வாணலிக்குள் விழுந்திருக்கும்.

பொறுப்பேற்கும் கூட்டத்தில் இன்னொன்றும் உண்டு: பழக்கம். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி, பல நூறு முறை செய்த செயல்களைக் கையசைவாகவே சேமித்து வைக்கிறது. அவற்றை எடுக்க யோசனையின் கைகோப்பு தேவையில்லை. நெருக்கடியில் முன்நெற்றிப் புறணி தளரும்போது இந்தப் பழக்கக் கிடங்கு மேலும் ஓங்குகிறது. எது ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அதுவே கையில் வந்து நிற்கும், நல்லதானாலும் கெட்டதானாலும். என் கிடங்கில் 'தீ என்றால் தண்ணீர்' இருந்தது. விறகடுப்புக் காலத்திலிருந்து ஐம்பது வருடம் எண்ணெய்ச் சட்டியோடு வாழ்ந்த அம்மாவின் கிடங்கில் 'மூடு' இருந்தது. நான் அறிந்து வைத்திருந்ததை அவள் கை கற்று வைத்திருந்தது.

அம்மா பயப்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிறகு அவள் விரலும் நடுங்கியதைப் பார்த்தேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'இது என் கையில் இருக்கிறது' என்ற உணர்வு மூளைக்குள்ளேயே எடைபோடப்படும் ஒன்று. ஸ்டீவன் மெயரும் அவர் குழுவினரும் எலிகளில் காட்டியது இது: ஒரு சக்கரத்தைத் திருப்பி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலியையும், அதே அதிர்ச்சியை அதே அளவு வாங்கியும் நிறுத்த வழியில்லாத எலியையும் ஒப்பிட்டால், பின்னதுதான் பிற்பாடு ஒடுங்கிக் கிடக்கிறது. நிறுத்த முடிந்த எலியில் முன்நெற்றிப் புறணியின் ஒரு பகுதி, மூளைத்தண்டின் அலறலை அடக்கிவைக்கிறது. துன்பத்தின் அளவு ஒன்றே. ஒரு சக்கரம் கையில் இருந்தது என்பதே வேறுபாடு. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியைத் திருப்பியும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: காரியம் கைவசம் இருப்பவருக்குப் பதற்றம் அடங்குகிறது.

பயமறியாத பெண்ணும் ஒரு மூச்சும்

அமெரிக்காவின் அயோவாவில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த ஒரு பெண் இருக்கிறார். எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டுமே குறிப்பிடுவார்கள். அர்பாக்-வீத் என்ற அரிய மரபு நோயால் அவருடைய இரண்டு அமிக்டலாக்களும் சுண்ணாம்பு படிந்து அழிந்துவிட்டன. மகிழ்ச்சி, கோபம், துக்கம் எல்லாம் அவருக்கு உண்டு. பயம் மட்டும் இல்லை. பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்புகளைப் பிடிக்காது என்று சொன்னவர், அங்கே அவற்றைக் கையில் எடுத்து ஆர்வத்தோடு தடவிக்கொண்டிருந்தார். பேய்வீட்டுக் காட்சிக்குக் கூட்டிப் போனபோது முன்னால் நடந்து சிரித்தார். பயமில்லாத வாழ்வு வரம் என்று தோன்றலாம். அவர் வாழ்வில் கத்தியும் துப்பாக்கியும் நீட்டப்பட்ட ஆபத்துகள் பல முறை வந்திருக்கின்றன. காவலாளி இல்லாத வீட்டுக்குக் களவு வந்துகொண்டேதான் இருக்கும்.

2013-இல் வெளியான ஆய்வில், அவரையும் அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளையும் 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்கச் சொன்னார்கள். அமிக்டலா இல்லாதவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்பதே எதிர்பார்ப்பு. மூவருமே பீதியில் துடித்தார்கள். எஸ்.எம். முகமூடியைப் பிய்த்தெறியப் பார்த்தார், உதவிக்குக் கத்தினார். வெளியே இருக்கும் ஆபத்துக்குக் காவல் நிற்பது அமிக்டலா. இரத்தத்தில் கரியமிலம் ஏறி மூச்சு முட்டும் ஆபத்துக்கு அதைவிட ஆழமான, அதைவிடப் பழைய காவல் ஒன்று இருக்கிறது. வழக்கமாக 'பயத்தின் மையம்' என்று அமிக்டலாவைச் சொல்வது ஒரு சுருக்கம்தான் என்பதையும் அந்த மூன்று பெண்கள் காட்டிவிட்டார்கள். பயம் ஓர் அரண்மனை, அமிக்டலா அதன் தலைவாசல்.

அந்த ஆய்வைப் படித்தபோது என் மனம் நின்ற இடம் மூச்சுதான். பயத்தின் மிகப் பழைய வாசல் மூச்சு. பயம் விலகவும் அதே வாசல் திறந்திருக்கிறது. இதயத் துடிப்பையும் அட்ரினலினையும் நாம் நினைத்தபடி ஆட்ட முடியாது. தானாக நடப்பதும், நாம் எடுத்து நடத்தக்கூடியதுமாக இருக்கும் செயல் மூச்சு. வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தாழ்கிறது. உள்ளிழுக்கும்போது ஏறுகிறது. ஆகவே இழுப்பதைவிட விடுவதை நீட்டினால், ஒவ்வொரு மூச்சிலும் உடம்பு 'ஆபத்து தணிகிறது' என்ற சேதியை மேலே அனுப்புகிறது. 'ஆழமாக மூச்சு இழு' என்று பதறியவருக்குச் சொல்வது பாதி உதவிதான். வேகவேகமாக ஆழமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமிலம் அளவுக்குக் கீழே போய், விரல் மரத்து, தலை சுற்றி, பீதி கூடவும் கூடும். மெல்ல விடச் சொல்ல வேண்டும்.

திரும்பி வருதல்

தட்டு மூடிய பிறகு நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆபத்து தீர்ந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் வடியச் சில நிமிடம் ஆகும். பின்னால் வரும் கார்டிசால் என்ற சுரப்பு உச்சம் தொட ஏறத்தாழ அரைமணி நேரம் எடுக்கும். அதனால்தான் எல்லாம் முடிந்த பிறகு கை நடுங்குகிறது, அழுகை வருகிறது. இது கோழைத்தனம் ஆகாது. வெள்ளம் வடிகிறது, அவ்வளவுதான். ஆபத்தே இல்லாதபோதும் இந்த வெள்ளம் அடிக்கடி எழுந்து வாழ்வை முடக்கினால், அல்லது முதன்முறையாக நெஞ்சுவலியோடு வந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். மாரடைப்பும் பீதியும் உள்ளிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயந்துட்டியா?" என்றாள். "ஆமாம்மா, ரொம்ப பயந்துட்டேன்" என்றேன். சொன்னதும் ஏதோ இறங்கியது. கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் செய்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்து, முன்நெற்றிப் புறணியின் வலப்பக்கத்தில் ஒரு பகுதி ஓங்கியதாக 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்டார்கள். பயத்துக்குப் பயம் என்று பெயரிடுவது, நழுவிய கைகள் மறுபடி கோத்துக்கொள்ளும் முதல் அசைவு. அம்மா ஆய்வு எதையும் படிக்காமலே அந்தக் கேள்வியைக் கேட்டாள். பயந்த பிள்ளையிடம் அம்மாக்கள் கேட்கும் கேள்வி அது.

தீயைப் பார்த்து நடுங்கிய நினைவு அமிக்டலாவிலிருந்து அழிவதில்லை. அதன்மேல் 'இப்போது பத்திரம்' என்ற புதிய பாடத்தை முன்நெற்றிப் புறணி மெதுவாக எழுதிச் சேர்க்கிறது. எழுத வேண்டுமானால் மறுபடி அடுப்பின் முன் நிற்க வேண்டும். மறுநாள் காலை அம்மா என்னையே எண்ணெய் காயவைக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒன்று மாறியது. கரும்பலகைப் படத்தோடு நிறுத்துவதில்லை. அடுப்பில்லாத மேசையில் காலி வாணலியை வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைக்கிறேன். திருகை மூடுவதுபோல் இடக்கை, தட்டைத் தள்ளி மூட வலக்கை. பத்து முறை, இருபது முறை. அறிவு இறங்கி நிற்கும் அந்தச் சில நொடிக்கு, அது முன்கூட்டியே கையில் எழுதிவைத்துப் போகும் சீட்டு இது. அறிவுக்கு அந்த வழியையும் விட்டுவைத்திருக்கிறது படைப்பு.

இன்றும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் பெரிய தட்டு எங்கே என்று என் கண் தேடுவதில்லை. கை அதை ஏற்கெனவே எடுத்து அடுப்பருகே சாய்த்து வைத்திருக்கிறது.